பொன்னாடைக்கு முன் எங்களுக்கு ஒரு பதில் வேண்டும்

மாவட்டத்தின் மருத்துவமனைப் பணிகளைக் கவனிக்கும் உயர் அலுவலர் அவர்களுக்கு,

இராமநாதபுரம் கடற்கரையோரம் உள்ள ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் வேலை பார்க்கும் இளநிலைச் செவிலியர்கள் இதை எழுதுகிறோம். இந்த மாதக் கடைசி நாளில் எங்கள் ஹெட் சிஸ்டர் 60 வயது நிறைந்து ஓய்வு பெறுகிறார். அதை ஒட்டி உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரே வாரத்தில் மூன்று தாள்கள் வந்தன. முதல் தாள், அவருக்குக் கூட்ட அரங்கில் பாராட்டு விழா என்றது. பொன்னாடை, நினைவுப் பரிசு, அனைவரும் வர வேண்டும். இரண்டாவது தாள், அவர் இடத்துக்கு இப்போதைக்கு யாரும் வரப்போவதில்லை, வேறு மருத்துவமனையின் கண்காணிப்பாளர் வாரத்தில் இரண்டு நாள் வந்து கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வார் என்றது. ஷிஃப்ட் மாறும்போது இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் சேர்ந்து நிற்கிற அரை மணி நேரமும் அடுத்த மாதம் முதல் தேவையில்லை, ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டு இறங்கிக்கொள்ளலாம் என்று அதிலேயே ஒரு வரி இருந்தது. மூன்றாவது தாள் ஹெட் சிஸ்டர் பெயருக்கே வந்தது. வார்டு இருப்புப் பதிவேட்டில் உள்ள கத்தரிகள், ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ்கள் பலவும் துருப்பிடித்திருப்பதற்கு விளக்கம் எழுதித் தந்தால்தான் நிலுவையின்மைச் சான்று கிடைக்கும் என்றது.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு எங்களால் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த அரை மணி நேரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் வார்டில் ஓவர் கொடுப்பது, அதாவது நோயாளிகளை அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைப்பது, மேசையில் நடக்காது. இரவு டியூட்டி பார்த்தவரும் காலை டியூட்டிக்கு வந்தவரும் கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போக வேண்டும். ஹெட் சிஸ்டர் நடுவில் நிற்பார். எழுதியிருப்பதை இரவு சிஸ்டர் வாசிக்க, காலை சிஸ்டர் அதை நோயாளியின் உடம்பில் சரிபார்க்க வேண்டும். “ரத்தப்போக்கு சாதாரணம்” என்று வாசித்தால் பேடை விலக்கிப் பார்க்க வேண்டும். “கர்ப்பப்பை இறுக்கம்” என்று வாசித்தால் வயிற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களில் பலருக்கு இது பெரிய தொல்லையாகத் தெரிந்தது. இரவெல்லாம் நின்ற கால், காலை 7 மணிக்குக் கிளம்பும் பஸ், வீட்டில் பசியோடு இருக்கும் பிள்ளை. ஆனாலும் அவர் விடமாட்டார்.

இது எதற்காக என்பது எங்களுக்குப் புரிந்த காலை ஒன்று உண்டு. அதை முழுதாகவே சொல்கிறோம், ஏனென்றால் உங்கள் தாள் நிறுத்தச் சொல்வது இதைத்தான்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போயிருந்த வாரம். பாசி எடுக்கப் போகும் ஒரு பெண், இரண்டாவது பிரசவம், ஒன்பதாம் மாதம். கணவர் கடலில். சாயங்காலத்திலிருந்தே தலைவலி, கண் மங்கல். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனபோது ரத்த அழுத்தம் 170/110, சிறுநீரில் ஆல்புமின் மூன்று பிளஸ். அங்கேயே ஒரு முறை வலிப்பும் வந்துவிட்டது. ஊரில் ஜன்னி என்பார்கள். 108-இல் ஏற்றி எங்களிடம் அனுப்பினார்கள். பரிந்துரைச் சீட்டில் வலிப்பை அடக்கும் மருந்தைப் பற்றி “மெக்னீசியம் சல்பேட் போடப்பட்டது” என்று மட்டும் எழுதியிருந்தது. எவ்வளவு, எந்த வழியில், எத்தனை மணிக்கு என்று எதுவும் இல்லை.

இந்த மாதிரிச் சீட்டு வந்தால் நாங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை என்ன என்பதை ஹெட் சிஸ்டர் பிரசவ அறைக் கதவின் உள்பக்கம் தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்: அனுப்பிய சிஸ்டருக்குப் போன் போடு. அன்று இரவு போன் போட்டதில், நரம்பில் 4 கிராம், இரண்டு புட்டத்திலும் ஐந்தைந்து கிராம், மொத்தம் 14 ஆம்பூல், 11 மணிக்குப் போட்டு முடித்தோம் என்று பதில் வந்தது. தொடக்க டோஸ் முழுதாகவே உள்ளே போயிருந்தது. கேட்காமல் விட்டிருந்தால் இன்னொரு 14 ஆம்பூலுக்கு டிரே தயாராகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை 5 கிராம், புட்டத்தில் மாற்றி மாற்றி. அதிகாலை 3 மணி டோஸுக்கு முன் முழங்காலைத் தட்டிப் பார்த்தோம், கால் துள்ளியது. மூச்சு சரியாக இருந்தது, சிறுநீரும் போதுமான அளவு இறங்கியிருந்தது. டோஸ் போட்டோம். வலி முன்பே தொடங்கியிருந்ததால் 4.15-க்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்த பிறகும், அல்லது கடைசி வலிப்புக்குப் பிறகும், எது பிந்தியதோ அதிலிருந்து 24 மணி நேரம் இந்த மருந்து தொடர வேண்டும். ஆகவே அடுத்த டோஸ் சரியாகக் காலை 7 மணிக்கு, அதாவது ஷிஃப்ட் மாறுகிற நேரத்துக்கே வந்தது.

புத்தகத்தில் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது, ரத்தப்போக்கு இல்லை, வலிப்பு மறுபடி வரவில்லை, 7 மணி டோஸ் பாக்கி. சிரிஞ்சில் 10 மில்லி மருந்தும் அதோடு வலி குறைக்கக் கொஞ்சம் லிக்னோகெய்னும் ஏற்றித் தயாராக இருந்தது. மேசையில் ஓவர் கொடுத்திருந்தால் ஒன்று இரவு சிஸ்டர் போட்டுவிட்டு இறங்கியிருப்பார், இல்லை காலை சிஸ்டர் வந்ததும் போட்டிருப்பார். எங்கள் வார்டிலோ ஒரு விதி உண்டு. ஓவர் நேரத்தில் வரும் மெக்னீசியத்தை ஒருத்தர் தனியாகப் போடக் கூடாது, இரண்டு பேரும் சேர்ந்து முட்டியைத் தட்டிப் பார்த்த பிறகுதான் ஊசி.

காலை சிஸ்டர் முழங்காலுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கித் தட்டினார். கால் அசையவில்லை. பயத்தில் காலை விறைப்பாக வைத்திருந்தாலும் துடிப்பு தெரியாது. அதனால் ஹெட் சிஸ்டர் அந்தப் பெண்ணிடம், “தாயி, ரெண்டு கை விரலையும் கோத்துக்கிட்டு நல்லா வெளியே பாத்து இழு” என்றார். அவள் கவனம் கையில் இருக்கும்போது தானே தட்டினார். அந்தக் காலிலும் இல்லை, அடுத்த காலிலும் இல்லை. பிறகு வயிற்றில் கை வைத்து ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணினார். 18. சிறுநீர்ப் பையைத் தூக்கிக் காட்டினார். 3 மணிக்குக் காலி செய்த பையில் 60 மில்லிதான் இருந்தது. குழாய் தொடைக்கு அடியில் மடங்கியிருக்கிறதா என்று நேராக்கிப் பார்த்தோம். புதிதாக ஒரு சொட்டும் வரவில்லை.

மெக்னீசியம் உடம்பை விட்டுப் போவது சிறுநீரகம் வழியாக. மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் இறங்க வேண்டும் என்று நாங்கள் கணக்குப் பார்ப்பது அதனால்தான். நான்கு மணி நேரத்தில் 120 இருக்க வேண்டிய இடத்தில் பாதிதான் இருந்தது. போட்ட மருந்து உள்ளேயே தேங்கிக்கொண்டிருந்தது. அது கூடிப்போனால் முதலில் முழங்கால் துடிப்பு போகும், அதற்கு மேலும் கூடினால் மூச்சு தளரும், கடைசியில் இதயம் நிற்கும். மூச்சு 18 இருக்கிறதே என்று நம்பி அடுத்த 5 கிராமைப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

ஏற்றி வைத்த சிரிஞ்சைக் கொட்டச் சொன்னார். டிரேயிலிருந்து கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி ஆம்பூலை எடுத்து வெளியே வைத்தார். மூச்சு குறைந்தால் நரம்பில் பத்து நிமிடம் மெதுவாகப் போக வேண்டிய மாற்று மருந்து அதுதான். டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் வந்து பார்த்து டோஸை நிறுத்தினார். ஒருத்தர் கட்டிலை விட்டு நகராமல் கால் மணிக்கு ஒரு முறை முட்டியும் மூச்சும் பார்த்தோம். 9.30 வாக்கில் கால் லேசாகத் துடித்தது. அதற்குள் பையில் சிறுநீரும் இறங்கத் தொடங்கியிருந்தது. கால்சியம் தேவைப்படவில்லை. கணவர் கரைக்கு வந்து, தாயையும் பிள்ளையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

அந்த ரிப்போர்ட் புத்தகம் இன்னும் வார்டில் இருக்கிறது. யாராவது ஆய்வுக்கு வந்தால் பார்க்கலாம். அதில் எழுதியிருந்த ஒவ்வொன்றும் எழுதிய நேரத்தில் உண்மை. ஆனால் புத்தகத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பெண் பிழைத்திருக்க மாட்டாள். எழுதி வைத்துவிட்டு இறங்கிக்கொள்ளலாம் என்று உங்கள் தாள் சொல்லும்போது எங்களுக்கு அந்த 60 மில்லிதான் கண்ணில் வருகிறது.

இனி துருவைப் பற்றி. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கட்டிடம் இது. உப்புக்காற்று ஜன்னலை மூடினாலும் உள்ளே வரும். எவர்சில்வர்ச் சாமானில்கூடப் பழுப்புப் புள்ளி விழும், குறிப்பாகக் கத்தரியும் ஃபோர்செப்ஸும் மடங்குகிற மூட்டில். ஈரத்தோடு கட்டி ஆட்டோகிளேவில் வைத்தால் சீக்கிரமே கெட்டுவிடும். அதனால் கழுவியதும் மூட்டைத் திறந்து வைத்துத் துடைத்துக் காய வைக்கச் சொல்வார். லாரிங்கோஸ்கோப் பேட்டரியைக் கழற்றித் தனி டப்பாவில் போடச் சொல்வார். உள்ளேயே விட்டால் முனையில் பச்சை பூத்து, குழந்தைக்கு மூச்சுக்குழாய் போட வேண்டிய நேரத்தில் பல்பு எரியாது. ஆக்சிஜன் சிலிண்டர் சாவியைச் சிலிண்டரிலேயே கட்டி வைத்து, வாரத்துக்கு ஒரு முறை வால்வைத் திருப்பிப் பார்க்கச் சொல்வார். உப்பில் இறுகிப்போன வால்வை நடு இரவில் ஒரு சின்னப் பெண்ணால் திறக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். இத்தனைக்குப் பிறகும் சாமான் துருப்பிடிக்கத்தான் செய்யும். பிடித்தவற்றைக் கழிவு செய்து புதிதாகத் தரச் சொல்லி அவர் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார், அலுவலக நகல்கள் வார்டுக் கோப்பில் முத்திரையோடு இருக்கின்றன. பதில் வந்ததில்லை. கழிவு செய்யாததால் அவை இன்றும் அவர் பெயரில் இருப்பாக நிற்கின்றன. துருப்பிடித்ததைப் பிரசவ டிரேயில் வைக்கக் கூடாது என்று அவர் தனி அலமாரியில் பூட்டி வைத்தார். அந்த அலமாரியையே இப்போது அவருக்கு எதிராகத் திறக்கிறீர்கள். பொன்னாடை போர்த்த அழைக்கும் அலுவலகமே விளக்கமும் கேட்பது எங்களுக்கு வேதனையாக இருக்கிறது, ஐயா. அவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாளை மடித்துக் கோப்பில் வைத்துவிட்டு ரவுண்ட்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் கண்டிப்பைப் பற்றி உங்கள் அலுவலகத்துக்குப் புகார்கள் வந்திருக்கலாம். அவர் கண்டிப்பானவர்தான். கையில் மோதிரமோ வளையலோ இருந்தால் வார்டுக்குள் விடமாட்டார். ரத்த அழுத்தத்தை 120/80 என்று தொடர்ந்து நான்கு கட்டிலுக்கு எழுதியிருந்தால், நான்கையும் தன் முன்னால் மறுபடி பார்க்கச் சொல்வார். ஆனால் நோயாளி முன்னால் எங்களில் யாரையும் ஒருநாளும் திட்டியதில்லை. “கொஞ்சம் லினன் ரூமுக்கு வாம்மா” என்றால் எங்களுக்குப் புரிந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொல்வார். வெளியே வந்ததும் அதே ஆளிடம் முதல் கேஸைக் கொடுப்பார். திட்டு வாங்கியவள் ஓரமாக நிற்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

எங்களில் ஒருத்தி ஒப்பந்தத்தில் சேர்ந்த புதிதில் ஒரு தாய் இறந்துபோனாள். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு, வரும்போதே கை கால் சில்லிட்டிருந்தது. விசாரணைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றதும் எங்கள் சிஸ்டருக்குக் கை நடுங்கியது. ஹெட் சிஸ்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எத்தனை மணிக்கு வந்தாள், எத்தனை மணிக்கு ஊசி, எப்போது ரத்தம் கேட்டோம் என்று நிமிடம் நிமிடமாகக் கேட்டுக் கேட்டு எழுத வைத்தார். “நடந்ததை நடந்தபடி எழுது. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்” என்றார். எழுதி முடித்ததும் வார்டுப் பொறுப்பாளர் என்று கீழே முதல் கையெழுத்தைத் தான் போட்டார். விசாரணை அறைக்குள்ளும் கூடவே வந்து உட்கார்ந்தார். அந்த சிஸ்டர் அன்று வேலையை விட்டுப் போயிருப்பாள். இன்றைக்குப் புதிதாக வருபவர்களுக்கு முட்டி தட்டக் கற்றுக் கொடுப்பது அவள்தான்.

சாயங்கால டியூட்டி முடிந்து கடற்கரைக் கிராமங்களுக்குப் போகும் பெண்களைக் கடைசி பஸ் ஏறும்வரை மருத்துவமனை வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போவார். மாசமாக இருக்கும் சிஸ்டருக்கு ஏழாம் மாதத்துக்குப் பிறகு இரவு டியூட்டி போடமாட்டார். ஆள் இல்லை என்றால் அந்த இரவைத் தானே பார்ப்பார். இதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கூடுதல் பொறுப்பில் வாரம் இரண்டு நாள் வருபவரால் இதைச் செய்ய முடியாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருக்கும் சொந்த வார்டு ஒன்று இருக்கிறது, அங்கேயும் காலை 7 மணிக்கு ஓவர் இருக்கிறது.

ஆகவே நாங்கள் கேட்பது இது.

ஹெட் சிஸ்டர் ஓய்வு பெறும் நாளுக்கு முன்பே அவர் இடத்துக்கு முழுநேரப் பொறுப்பாளர் ஒருவரை நியமியுங்கள். அவர் குறைந்தது ஒரு வாரமாவது ஹெட் சிஸ்டரோடு வார்டில் சேர்ந்து நிற்க வேண்டும். சாவிக்கொத்தும் பதிவேடும் ஒரு மணி நேரத்தில் கைமாறிவிடும். மற்றவற்றைப் பார்த்துத்தான் வாங்கிக்கொள்ள முடியும். நிரந்தர நியமனத்துக்கு நாளாகும் என்றால், இந்த வார்டிலேயே பல வருடம் இருக்கும் மூத்த செவிலியருக்கு எழுத்து மூலம் பொறுப்பைத் தாருங்கள்.

ஷிஃப்ட் மாறும் அரை மணி நேரத்தை நிறுத்தும் வரியைத் திரும்பப் பெறுங்கள். அந்த நேரத்தை இரண்டு ஷிஃப்டுக்கும் பணி நேரமாகவே கணக்கில் எடுத்து, டியூட்டி பட்டியலில் எழுதுங்கள். இத்தனை நாளும் ஹெட் சிஸ்டரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றோம். இனி ஆணைக்குக் கட்டுப்பட்டு நிற்கும்படி செய்யுங்கள். பக்கத்து மருத்துவமனைகளிலும் இதை நடைமுறைப்படுத்தச் சொன்னால் நாங்களே போய்ச் சொல்லிக் கொடுக்கத் தயார். கிராமங்களிலிருந்து வரும் பரிந்துரைச் சீட்டில் மெக்னீசியத்தின் அளவு, வழி, நேரம் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் அச்சடித்துத் தாருங்கள். அவர் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பது அது.

துருப்பிடித்த கருவிகளுக்கு அவரிடம் விளக்கம் கேட்ட தாளை ரத்து செய்யுங்கள். அவர் அனுப்பிய கழிவு விண்ணப்பங்களின் மேல் இந்த மாதத்துக்குள்ளேயே முடிவெடுத்து, நிலுவையின்மைச் சான்றும் ஓய்வூதிய ஆணையும் கடைசி வேலை நாளன்று அவர் கையில் கிடைக்கச் செய்யுங்கள். அவரை அலுவலக வராந்தாவில் காத்திருக்க வைக்காதீர்கள்.

விழாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அரங்கில் விழா வைத்தால் வருவோம், ஆனால் வார்டைக் காலியாக விட்டுவிட்டு வர மாட்டோம். அப்படி வந்தால் அவரே எங்களைத் திருப்பி அனுப்புவார். அந்த இரண்டு மணி நேரத்துக்கு வேறு வார்டிலிருந்து இரண்டு செவிலியர்களை எங்கள் வார்டுக்குப் போடுங்கள். கடைசி நாள் காலை 6.30 மணிக்கு, இரவு டியூட்டி முடிப்பவர்கள், காலை டியூட்டிக்கு வருபவர்கள், விடுப்பில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து அவரோடு ஓவர் எடுக்க அனுமதி கொடுங்கள். அன்று முதல் கட்டிலிலிருந்து கடைசிக் கட்டில்வரை அவர் முன்னால் நாங்கள் வாசித்துக் காட்ட வேண்டும். முடிந்தால் நீங்களும் அந்த நேரத்துக்கு வாருங்கள், ஐயா.

இந்தக் கோரிக்கைகளுக்கு அவர் ஓய்வு பெறும் நாளுக்கு ஒரு வாரம் முன்பாக எழுத்து மூலம் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பிரசவ வார்டு இளநிலைச் செவிலியர்கள்